சிங்கப்பூர்ச் சம்பளமா, சென்னைச் சம்பளமா: கணக்குப் போடும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து ஆஃபர் வந்தவர்கள் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறேன். வெள்ளி என்று வரும் இடமெல்லாம் சிங்கப்பூர் டாலர். ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். வரி விகிதங்களும், பாஸ் எனப்படும் வேலை அனுமதியின் விதிகளும் 2025 நிலவரம். வாடகை, சாப்பாடு போன்றவை தோராயமானவை. உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில சிடிசி 18 லட்சம். சிங்கப்பூர்ல மாசம் 8,000 வெள்ளின்னு ஆஃபர். பெருக்கிப் பாத்தா வருஷத்துக்கு 62 லட்சம் வருது. யோசிக்காம கிளம்பிடலாமா அண்ணே?

தனியாகப் போவதென்றால் கிளம்பலாம். மனைவி, குழந்தையோடு போவதென்றால் இதே 8,000 வெள்ளியில் சென்னையில் இப்போது மிச்சம் பிடிப்பதைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், கீழே எண்களோடு காட்டுகிறேன்.

62 லட்சம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அங்கே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் வெள்ளியை 65-ஆல் பெருக்குவதில் அர்த்தமே இல்லை, அந்தப் பணம் ரூபாயாக மாறப் போவதில்லை. பெருக்க வேண்டியது எல்லாச் செலவும் போய் மாசக் கடைசியில் நிற்கும் தொகையை மட்டும். அதே மாதிரி சென்னையிலும் மாசக் கடைசியில் நிற்பதை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு 32 வயது, மனைவி வேலைக்குப் போகவில்லை, 4 வயதில் ஒரு குழந்தை, பெற்றோருக்கு மாசம் 10,000 ரூபாய் கொடுக்கிறார். இவரையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

சென்னைப் பக்கக் கணக்கை எப்படிப் போடுறது? சிடிசியை 12-ஆல வகுத்தா போதாதா?

போதாது. 18 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் 1.5 லட்சம் வரும், கையில் அவ்வளவு வராது. இவருடைய பேசிக் மாசம் 60,000. அதில் 12 சதவீதம், அதாவது 7,200 ரூபாய், கம்பெனி பிஎஃப்பில் போடுகிறது. கிராஜுவிட்டிக்கும் ஒரு தொகை. இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். இவரிடமிருந்தும் இன்னொரு 7,200 பிஎஃப்புக்குப் போகிறது. புதிய வருமான வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக, 4 சதவீத செஸ் சேர்த்து வருஷ வரி சுமார் 1.25 லட்சம். இதெல்லாம் போகக் கையில் வருவது மாசம் சுமார் 1,22,000.

வீட்டு வாடகை 25,000, மளிகை, காய்கறி, கேஸ், பால் என்று 22,000, குழந்தையின் எல்கேஜி 8,000, பெட்ரோல், கரண்ட், போன் 10,000, மருத்துவம் 3,000, துணிமணி, கல்யாணம், கோயில், ஹோட்டல் எல்லாம் சேர்த்து 7,000, பெற்றோருக்கு 10,000. மொத்தம் 85,000. மிச்சம் 37,000.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிஎஃப்பில் சேரும் இரண்டு 7,200-ம் சேமிப்புதான், கண்ணில் படவில்லை என்பதால் இல்லாமல் போகாது. அதையும் சேர்த்தால் மாசம் 51,400 ரூபாய். சிங்கப்பூர் தாண்ட வேண்டிய எண் இதுதான். 5 வருஷம் ஒரே கம்பெனியில் இருப்பீர்கள் என்று நம்பினால் கிராஜுவிட்டியாக மாசத்துக்கு ஏறக்குறைய 2,900 கூட்டிக்கொள்ளலாம், நான் கூட்டவில்லை.

சிங்கப்பூர்ல சம்பளத்துல வரிப் பிடித்தமே இல்லையாமே, நெஜமா?

பிடித்தம் இல்லை, வரி உண்டு. மாசாமாசம் கழிக்க மாட்டார்கள் என்பதால் 8,000 வெள்ளி வேலைக்கு 8,000 வெள்ளியும் வங்கிக்கு வரும். மறுவருஷம் ஏப்ரல் 18-க்குள் இணையத்தில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதன் பிறகு பில் வரும். மொத்தமாகக் கட்டலாம், அல்லது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ மூலம் 12 தவணையாக வட்டியில்லாமல் கட்டலாம். முதல் வருஷம் முழுச் சம்பளத்தையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, பில் வந்ததும் முழிப்பவர்கள் உண்டு.

தொகை என்னவோ குறைவுதான். வருஷம் 96,000 வெள்ளி சம்பளம். அதில் சம்பாதிப்பவருக்கான கழிவு 1,000 போக 95,000. முதல் 80,000-க்கு வரி 3,350 வெள்ளி, அதற்கு மேல் உள்ள 15,000-க்கு 11.5 சதவீதம். மொத்தம் 5,075, மாசத்துக்கு 425 வெள்ளி என்று ஒதுக்கினால் சரி. மனைவிக்கும் குழந்தைக்கும் உள்ள கழிவுகளை எடுத்தால் மாசம் 365-க்கு இறங்கும்.

இது வரிக் கணக்கில் உள்ளூர்வாசியாக இருப்பவருக்கு. அதற்கு ஒரு காலண்டர் வருஷத்தில் 183 நாள் இருக்க வேண்டும். அக்டோபரில் போய்ச் சேர்ந்தவர் பயப்பட வேண்டாம். இரண்டு வருஷங்களைத் தொட்டுத் தொடர்ந்து 183 நாள் வேலை பார்த்தாலும் இரண்டு வருஷத்துக்கும் உள்ளூர்வாசியாக எடுத்துக்கொள்வார்கள். அதுவும் இல்லாமல் சீக்கிரம் திரும்பிவிட்டால் 15 சதவீதம், அல்லது சாதாரண விகிதப்படி வருவது, எது அதிகமோ அது.

நம்ம பிஎஃப் மாதிரி அங்க சிபிஎஃப் இருக்கே, கம்பெனி 17 சதவீதம் போடுதாம். அதையும் சேமிப்புல சேத்துக்கலாமா?

சேர்க்க முடியாது. மத்திய சேம நிதி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ, நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸிலோ இருக்கும் வெளிநாட்டவர் என்றால் நீங்களும் போட மாட்டீர்கள், கம்பெனியும் போடாது. உங்கள் பக்கத்துச் சீட்டில் இருக்கும் உள்ளூர்க்காரரின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் கேட்காமலே சேர்ந்துகொண்டிருந்த 14,400 ரூபாய் இனி நீங்களாக எடுத்து வைத்தால்தான் உண்டு. பழைய பிஎஃப் கணக்கை அப்படியே விட்டுவைத்தால் வட்டி ஏறும், ஆனால் வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு இந்தியாவில் வரி உண்டு.

தனியாப் போனா மாசம் எவ்வளவு செலவாகும்? ஒரு ஆயிரம் வெள்ளியில ஓட்டலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

ஓட்டலாம், ஓர் அறையில் நாலு பேரோடு படுத்து, மூன்று வேளையும் சமைத்துச் சாப்பிட்டால். 32 வயதில் எத்தனை மாசம் அப்படித் தாக்குப்பிடிப்பீர்கள் என்பதுதான் கேள்வி. மூன்று மாசத்தில் வெறுத்துப்போய்த் தனி அறைக்கு மாறுவதானால், முதலிலேயே தனி அறைக்குக் கணக்குப் போடுவது நல்லது.

வீவக எனப்படும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை 1,200 வெள்ளி. செங்காங், ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் இதற்குக் குறைவாகவும் கிடைக்கும், நகரத்துக்குள் வந்தால் ஏறும். சமைக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். ‘லைட் குக்கிங்’ என்று சொன்னால் நூடுல்ஸ் வேகவைக்கலாம், மீன் குழம்பு வைக்க முடியாது என்று அர்த்தம். சமைக்க முடியாத அறை மலிவாகத் தெரிந்தாலும் சாப்பாட்டுச் செலவில் அதைத் திருப்பி எடுத்துவிடும். பாதி சமையல், பாதி ஃபுட் கோர்ட் என்றால் சாப்பாட்டுக்கு 700. ரயில், பஸ் 130, போன் 20, மருத்துவம் 100, மற்றபடி கைச்செலவு 350. வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வரும் டிக்கெட், வாங்கிவரும் சாமான் எல்லாவற்றையும் மாசத்துக்குப் பங்கிட்டால் 150. மொத்தம் 2,650.

8,000-ல் வரி 425, செலவு 2,650 போக மிச்சம் 4,925 வெள்ளி, அதாவது 3.2 லட்சம் ரூபாய். அதிலிருந்து சென்னையில் மனைவி, குழந்தை, பெற்றோர் செலவுக்கு 78,000 போனாலும் 2.4 லட்சம் நிற்கும். இப்போது நிற்கும் 51,400-க்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு.

சரி, குடும்பத்தைக் கூட்டிட்டுப் போனா?

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. காரணம் வாடகை. அறைக்குப் பதில் முழு வீடு வேண்டும். ரொம்பத் தள்ளியும் இல்லாமல் நடுவிலும் இல்லாமல் ஒரு வீவக வீடு 3,200 வெள்ளி என்று வையுங்கள். தண்ணீர், கரண்ட், கேஸ், இன்டர்நெட் 230. மளிகையும் வெளிச்சாப்பாடும் 1,300. குழந்தைக்கு பிரீஸ்கூல் 1,200. குடிமக்களுக்குக் கிடைக்கும் அரசு மானியம் நமக்கு இல்லை. போக்குவரத்து 250, போன் 50, மூன்று பேருக்கு மருத்துவமும் இன்ஷூரன்ஸும் 250, துணிமணி, வெளியே போவது 400. மூன்று பேரும் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோக மாசத்துக்கு 300. கூட்டினால் 7,180. வரி 365. ஆக 7,545.

மிச்சம் 455 வெள்ளி, 29,600 ரூபாய். இதில் பெற்றோருக்கு 10,000 அனுப்பினால் நிற்பது 19,600. சென்னையில் 51,400 நிற்கிறது. 62 லட்சம் வாங்குபவர் 18 லட்சம் வாங்கியபோது சேர்த்ததில் பாதிகூடச் சேர்க்கவில்லை. இவர் ஊதாரி இல்லை. மேலே உள்ள பட்டியலில் கார் இல்லை, தனியார் காண்டோ வீடு இல்லை, வேலைக்காரப் பெண் இல்லை.

குறைக்க வழி இல்லாமல் இல்லை. குழந்தையை ஒரு வருஷம் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் 1,200 வெள்ளி மிஞ்சும், அதாவது 78,000 ரூபாய். அந்த ஒரே ஒரு செலவை எடுத்தாலே கணக்கு மறுபடி சிங்கப்பூர்ப் பக்கம் சாய்ந்துவிடும். உட்லண்ட்ஸ் மாதிரித் தூரமான இடத்தில் சின்ன வீடாகப் பார்த்தால் வாடகையில் ஐந்நூறு, அறுநூறு குறையலாம். வீட்டில் ஓர் அறையை இன்னொருவருக்கு விடும் குடும்பங்களும் உண்டு, ஆனால் வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் உள்வாடகைக்கு விடுவது விதிப்படி கூடாது.

அப்போ எவ்வளவு கேட்டா கட்டுப்படியாகும்?

குடும்பத்தோடு போய், சென்னையில் நிற்பதற்குச் சமமாக மட்டும் நிற்க வேண்டுமானால் 8,550 வெள்ளி வேண்டும். கூடுதலாக வரும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் இந்த அளவில் 11.5 வெள்ளி வரிக்குப் போகும், மீதி கிட்டத்தட்ட முழுதாகச் சேமிப்பாகும். ஏனென்றால் வாடகையும் சாப்பாடும் சம்பளத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை. அதனால்தான் 8,000-க்கும் 10,000-க்கும் பெரிய வித்தியாசம். 10,000 கிடைத்தால் மிச்சம் 2,225 வெள்ளி, 1.44 லட்சம் ரூபாய். பெற்றோருக்குக் கொடுத்த பிறகும் 1.34 லட்சம். நான் இவருக்குச் சொன்னது: குடும்பத்தோடு என்றால் 10,000-க்குக் கீழே வேண்டாம், தனியாக என்றால் 8,000 நல்ல ஆஃபர்.

பேரம் பேசும்போது இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வயதோடு ஏறும். 23 வயதில் 5,600 வெள்ளி, 45 வயதில் 10,700. நிதித்துறைக்கு இதைவிட அதிகம். 32 வயதுக்காரருக்கு அது சுமார் 7,700 வரும். ஆகவே 8,000 என்பது கம்பெனி பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது இல்லை, பாஸ் கிடைக்கத் தேவையான தொகைக்குக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறார்கள். இது தெரிந்தவர் கேட்கும் குரலே வேறாக இருக்கும்.

என் மனைவியும் அங்க வேலைக்குப் போயிட்டா சரியாயிடும்ல?

போனால் சரியாகும், ஆனால் அதை உறுதியான வருமானமாகக் கணக்கில் எழுதாதீர்கள். வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குத் தரும் டிபென்டன்ட் பாஸில் வருபவர் முன்பு ஓர் ஒப்புதல் கடிதத்தோடு வேலை பார்க்க முடிந்தது. 2021 மே முதல் அப்படி இல்லை. அவர்களுக்கும் தனியாக வேலை பாஸ் வாங்க வேண்டும், அதற்கான சம்பளமும் தகுதியும் இருக்க வேண்டும். தெரிந்த கடையில் பகுதிநேரமாக வேலை என்பதெல்லாம் நடக்காது. டிபென்டன்ட் பாஸே உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால்தான்.

மனைவி இப்போது சென்னையில் வேலையில் இருந்தால் அவர் விட்டுவரும் சம்பளத்தையும் சென்னைப் பக்கத்தில் சேருங்கள். 40,000 ரூபாய் வாங்குகிறவராக இருந்தால் தாண்ட வேண்டிய எண் 51,400-லிருந்து 91,400 ஆகிவிடும். அவர் திரும்பி வந்து அதே வேலையைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தையை கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்தா ஃபீஸ் கம்மியாயிடுமே?

குடிமக்களுக்குக் கம்மி. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மாசக் கட்டணம் தனி, அதிலும் ஆசியான் நாடுகளுக்கு ஒரு விகிதம், நமக்கு அதைவிட மேலே. இடமும் நிச்சயமில்லை. முதல் வகுப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சினால்தான், மேல் வகுப்புகளுக்கு ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு. கிடைக்காவிட்டால் இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளி. ஆகவே பிரீஸ்கூலுக்குப் போட்ட 1,200 வெள்ளி குழந்தை வளர்ந்ததும் மறைந்துவிடும் என்று நினைக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

கிளம்பும்போது கையில எவ்வளவு இருக்கணும்?

குடும்பத்தோடு, இரண்டு வருஷ வாடகை ஒப்பந்தம் என்றால் இரண்டு மாச வாடகை முன்பணம், முதல் மாச வாடகை, ஏஜென்ட் கட்டணம் இருந்தால் அது, மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரைத் தீர்வை. 3,200 வெள்ளி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை மட்டும் 307. டிக்கெட், மெத்தை, பாத்திரம் எல்லாம் சேர்த்து 13,000 வெள்ளி பக்கம் வந்துவிடும், 8 லட்சத்துக்கு மேல். முன்பணம் 6,400 வெளியே போகும்போது திரும்பி வரும், மற்றது வராது. கம்பெனி இடமாற்றச் செலவு தருகிறதா என்று கேளுங்கள். தந்தால் ஒரு வருஷத்துக்குள் விட்டுப்போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தனியாளுக்கு 3,000 வெள்ளி போதும். வீவக அறை வாடகைக்குக் குறைந்தது ஆறு மாசம் என்பது விதி, ‘மாசாமாசம் மாறிக்கலாம்’ என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆபீஸ்ல ஒருத்தர் பிபிபி-னு ஒண்ணு போட்டுப் பாக்கச் சொன்னார். அதுல பாத்தா 8,000 வெள்ளி ரொம்பச் சின்னதாத் தெரியுது.

வாங்கும் சக்தியை ஒப்பிடும் அந்த முறை, சம்பளம் முழுவதையும் அங்கேயே செலவழிப்பவருக்குச் சரியாக இருக்கும். நீங்கள் செலவழிப்பது சிங்கப்பூர் விலையில், சேமிப்பதோ திருவள்ளூரில் மனை வாங்க. ஒரே எண்ணால் இரண்டையும் அளக்க முடியாது. அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பிபிபி உதவும். ஊருக்கு எவ்வளவு வரும் என்பதற்கு மேலே போட்ட மிச்சக் கணக்குதான், அதுவும் சந்தை மாற்று விகிதத்தில்.

வெள்ளி ஏறிக்கிட்டே போகுதே, அதையும் லாபத்துல சேக்கலாமா?

2015-ல் ஒரு வெள்ளி 47 ரூபாயை ஒட்டி இருந்தது, 2024-ல் 62, 63 ரூபாய். நீண்ட கால ஓட்டம் நமக்குச் சாதகம்தான், சென்னையில் வீட்டுக் கடன் இருப்பவருக்கு இஎம்ஐ ரூபாயில் அப்படியே நிற்க, கட்டும் வெள்ளி குறைந்துகொண்டே வரும். ஆனால் ஆஃபரை ஏற்கலாமா என்ற கணக்கில் இன்றைய விகிதத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் கீழேயே வையுங்கள். வெள்ளி ஏறினால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலையில் உள்ள ஆஃபர் கட்டுப்படியாகாத ஆஃபர்.

ஊருக்குப் பணம் அனுப்பும்போது ‘கட்டணம் இல்லை’ என்ற பலகையைப் பார்க்காதீர்கள். அன்றைய சந்தை விகிதத்துக்கும் பணம் அனுப்பும் நிறுவனம் தரும் விகிதத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 4,000 வெள்ளி அனுப்பும்போது 50 பைசா வித்தியாசம் என்றால் 2,000 ரூபாய் போய்விட்டது.

ஊருக்கு அனுப்புற பணத்துக்கு இந்தியாவுல மறுபடி வரி கட்டணுமா?

நீங்கள் வரிக் கணக்கில் என்ஆர்ஐ ஆகிவிட்டால் சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. வெளிநாட்டு வருமானத்துக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கில் போட்டால் அதன் வட்டிக்கும் இல்லை. பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் கொடுக்க வேண்டும். அதில் வரும் வட்டிக்கு வரி உண்டு.

சிக்கல் கிளம்பும் தேதியில். வேலைக்காக வெளிநாடு போகும் வருஷத்தில், ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்தியாவில் இருந்த நாள் 182-க்குக் குறைவாக இருந்தால் என்ஆர்ஐ. செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் கிளம்பினால் பெரும்பாலும் தப்பிவிடலாம், நடுவில் ஊருக்கு வந்துபோகும் நாளும் சேரும் என்பதை மறக்காமல். டிசம்பரில் கிளம்பினால் அந்த நிதியாண்டுக்கு நீங்கள் இந்தியாவாசியே. மார்ச் வரை வாங்கும் சிங்கப்பூர்ச் சம்பளத்தை இங்கேயும் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே விகிதம் குறைவு என்பதால் வித்தியாசத்தை இங்கே கட்ட நேரும். சேரும் தேதியை உங்களால் தள்ள முடிந்தால், அதற்கு முன் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

தம்பிக்கு எஸ் பாஸ்ல 3,300 வெள்ளின்னு ஏஜென்ட் சொல்றார். அஞ்சு லட்சம் கேக்குறார். போகலாமா?

சம்பளம் பொய்யில்லை என்றால் கணக்கு நிற்கும். 2025 செப்டம்பர் முதல் எஸ் பாஸின் குறைந்தபட்சமே 3,300 வெள்ளி, வயதுக்கேற்ப ஏறும். வருஷ வரி 500 வெள்ளிதான். பகிர்ந்துகொள்ளும் அறையில் படுக்கை 500, சாப்பாடு 500, மற்றது 350 என்றால் 1,900 வெள்ளி மிஞ்சும், சுமார் 1.2 லட்சம் ரூபாய். ஊரில் 40,000 வாங்கும் டிப்ளமோ படித்த பையனுக்கு இது பெரிய தொகை. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, 6,000 வெள்ளி விதியை மேலே சொன்னேன். மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுப்பது முதலாளியின் கடமை, வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் லெவியும் முதலாளி கட்டுவது. இரண்டையும் தம்பி சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

அந்த அஞ்சு லட்சம்தான் உறுத்துகிறது. சிங்கப்பூர்ச் சட்டப்படி அங்குள்ள ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாசச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாசச் சம்பளம். ஊர் ஏஜென்ட் வாங்குவது அந்த வரம்புக்குள் வராது என்று சொல்வார்கள். எப்படியிருந்தாலும் முதல் நாலு மாச மிச்சம் அதற்கே போய்விடும், கடன் வாங்கிக் கொடுத்தால் வட்டியோடு ஆறு மாசம். பாஸ் இரண்டு வருஷம், முதலாளி நடுவில் ரத்து செய்யலாம். ஆறாவது மாசம் ரத்தானால் தம்பிக்கு மிஞ்சுவது அனுபவம் மட்டும்.

பேப்பர்ல 8,000 காட்டுவாங்களாம், மாசாமாசம் 2,500 ரொக்கமாத் திருப்பிக் கொடுக்கணுமாம். நிறைய பேர் அப்படித்தான் இருக்காங்கன்னு சொல்றாங்க.

வேண்டாம். வேலை கொடுப்பதற்காகச் சம்பளத்திலிருந்து திருப்பி வாங்குவது அங்கே குற்றம், மனிதவள அமைச்சு வழக்குப் போடும் விஷயம். பாஸ் விண்ணப்பத்தில் பொய்யான சம்பளம் காட்ட நீங்களும் உடன்பட்டதாக ஆனால் உங்களுக்கும் வில்லங்கம், மறுபடி அங்கே வேலைக்கு வருவது கஷ்டமாகிவிடும்.

கணக்காகப் பார்த்தாலும் நஷ்டம். வரி 8,000-க்கு வரும், கையில் 5,500. தனியாக இருந்தால்கூட மிச்சம் 2,425 வெள்ளி, அதில் சென்னைக் குடும்பச் செலவு 78,000 போனால் 80,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. சென்னையில் பிள்ளையோடு இருந்தே 51,400 சேர்க்கிறார். இந்த வித்தியாசத்துக்காக அந்தப் பயத்தோடு வாழ வேண்டியதில்லை.

போன கொஞ்ச நாள்ல வேலை போயிடுச்சுன்னா?

பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் இருக்க அனுமதி கிடைக்கும். அதற்குள் வேறு கம்பெனி பாஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். வேலை முடியும்போது கம்பெனி ஐஆர்21 என்ற படிவத்தை வரித்துறைக்குக் கொடுத்து, வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்கும். கையில் பணம் மிகவும் தேவைப்படும் அந்த மாசம்தான் கடைசிச் சம்பளம் வராது. இதற்காகவே மூன்று மாசச் செலவை, மேலே உள்ள உதாரணத்தில் குடும்பத்தோடு என்றால் 21,500 வெள்ளியை, சிங்கப்பூர்க் கணக்கிலேயே விட்டுவைக்க வேண்டும். அது சேரும்வரை ஊருக்கு அனுப்பும் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாசம் 455 வெள்ளி மிஞ்சும் குடும்பத்துக்கு அது சேரவே நாலு வருஷம் பிடிக்கும்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ‘டிப்ளமாட்டிக் கிளாஸ்’ கேட்டு வாங்குங்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், வழக்கமாக முதல் 12 மாசம் முடிந்த பிறகு, இரண்டு மாச நோட்டீஸ் கொடுத்து வெளியேற அது இடம் கொடுக்கும். அது இல்லாமல் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டவர் மிச்ச மாசங்களின் வாடகைக்கும் வீட்டுக்காரரிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.